புரையேறாமலே வரும் நிமோனியா: தளர்ந்த முதியவரின் வாயையும் விழுங்கலையும் பார்த்துக்கொள்ளும் முறை

“அம்மாவுக்குச் சாப்பிடும்போது ஒரு நாள்கூடப் புரையேறினதில்லை. தண்ணீர் குடிச்சாக்கூட இருமமாட்டாங்க. அப்புறம் எப்படிச் சாப்பாடு நுரையீரலுக்குள்ளே போச்சுன்னு டாக்டருங்க சொல்றாங்க?”

நான்கு மாதத்தில் இரண்டாவது முறையாக நிமோனியா வந்து வீடு திரும்பியிருந்த ஒரு 83 வயது அம்மாவைப் பார்க்கப் போனபோது அவருடைய மகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. நான் விழுங்கல் சிகிச்சை பார்ப்பவள். இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். இருமவே இல்லை என்பதைத்தான் எல்லோரும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். என் கவலை அங்கேதான் தொடங்கும்.

அந்த அம்மாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடப்பக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பிறகு மறதி நோயும் சேர்ந்துகொண்டது. ஓராண்டில் எடை 47 கிலோவிலிருந்து 41 ஆகியிருந்தது. மேல் வரிசை முழுக்கப் பல்செட். கீழே சொந்தப் பற்கள் ஏழு. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கன்னத்துக்குள் காலையில் சாப்பிட்டது அப்படியே ஒதுங்கிக் கிடந்தது, அப்போது மணி பன்னிரண்டு. நாக்கில் பழுப்பு நிறத்தில் காய்ந்த படலம். பல்செட்டைக் கழற்ற ஐந்து நிமிடம் ஆனது. கழற்றியபோது மேலண்ணம் செக்கச்செவேலென்று இருந்தது, பல்செட்டின் உட்புறம் விரல் வைத்தால் வழுக்கியது. கழற்றப் போனால் அம்மா கையைத் தட்டிவிடுகிறார் என்பதால் அது வாரக்கணக்கில் வாயிலேயே இருந்திருக்கிறது.

இந்த அம்மாவின் கதையை வைத்தே மீதியைச் சொல்கிறேன்.

ஏன் வருகிறது

தொண்டை ஒரு முச்சந்தி. காற்றுக்கும் உணவுக்கும் வழி அங்கே ஒன்றுதான். ஒரு வாய் உணவு தொண்டைக்குள் நுழைந்ததும் குரல்வளை மேலே எழும்பி முன்னே நகரும், அதன் மூடி கவிழும், குரல்நாண்கள் ஒட்டிக்கொள்ளும், மூச்சு ஒரு கணம் நிற்கும், உணவுக்குழாயின் வாசல் திறக்கும். எல்லாம் சுமார் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். முடிந்த கையோடு பெரும்பாலும் மூச்சு வெளியேதான் வரும். ஓரத்தில் ஏதாவது ஒட்டியிருந்தாலும் அந்தக் காற்று அதை வெளியே தள்ளிவிடும்.

வயதோடு தசை வற்றும்போது நாக்கும் தொண்டைத் தசையும் சேர்ந்தே வற்றுகின்றன. உணவு தொண்டைக்கு வந்துவிட்டது என்ற உணர்வு தாமதமாகிறது. குரல்வளை எழும்புவதற்குள் தண்ணீர் உள்ளே ஓடிவிடுகிறது. அல்லது தள்ளும் பலம் குறைந்து, விழுங்கிய பிறகும் தொண்டைக் குழிகளில் மிச்சம் தேங்கி, அடுத்த மூச்சில் கீழே இறங்குகிறது. பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் ஏதாவது இருந்தால் இது பலமடங்காகும். சுரணை போன தொண்டையில் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வருவதில்லை. புரையேறுவது ஒரு காவல். அந்த அம்மாவுக்குக் காவல்காரன் தூங்கிப்போயிருந்தான்.

இது பாதிக் கதைதான். ஆரோக்கியமானவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் நுரையீரலுக்குள் இறங்குகிறது. அவர்களுக்கு நிமோனியா வருவதில்லை. காரணம், இறங்கும் எச்சிலின் அளவு சிறிது, அதில் கிருமி குறைவு, உள்ளே போனதை நுரையீரல் துடைத்துவிடுகிறது. தளர்ந்த முதியவருக்கு மூன்றும் தலைகீழாகின்றன. ஒரு கிராம் பல் படலத்தில் பத்தாயிரம் கோடி அளவுக்குக் கிருமிகள் இருக்கலாம். துலக்காத வாயில், காய்ந்த வாயில், கழற்றாத பல்செட்டில், சாதாரணமாக வாயில் குடியேறாத குடல் கிருமிகளும் வந்து தங்குகின்றன. கடும் நிமோனியாவோடு ஐ.சி.யு.வுக்கு வந்த முதியோர் இல்லவாசிகள் சிலரிடம், பல் படலத்தில் எடுத்த கிருமியும் நுரையீரலில் எடுத்த கிருமியும் மரபணு அளவில் ஒன்றாகவே இருந்தன.

1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, யாருக்கு இந்த நிமோனியா வருகிறது என்று பார்த்தது. விழுங்கல் கோளாறு மட்டும் இருந்தால் போதாது என்று தெரிந்தது. பிறர் ஊட்டிவிட வேண்டிய நிலை, பிறர் பல் துலக்கிவிட வேண்டிய நிலை, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை, குழாய் வழி உணவு, மருந்துகளின் எண்ணிக்கை ஆகியவை முன்னே நின்றன. சாப்பாட்டைக் குழைத்துக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைக்கும் வீடுகள் இங்கேதான் ஏமாறுகின்றன. சாப்பாடு ஒரு நாளில் மூன்று வேளை. எச்சில் நாளெல்லாம் சுரந்துகொண்டே இருக்கிறது, அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை. அதன் சுத்தம் நம் கையில் இருக்கிறது.

மூன்று நாள் கவனித்து எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதச் சொல்வேன். ஒரு வேளைச் சாப்பாடு எத்தனை நிமிடம் ஆகிறது, அரை மணிக்கு மேல் போகிறதா. சாப்பிட்ட பிறகு குரல் நீர் கோத்ததுபோல் கரகரக்கிறதா. இதைக் கண்டுபிடிக்கச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் “ஆ...” என்று சொல்லச் சொல்லிக் கேட்டால் போதும். கன்னத்தில் ஒதுக்குகிறாரா. சாப்பிடும்போது கண்ணில் நீர் வடிகிறதா, மூக்கு ஒழுகுகிறதா, மூச்சு வேகமாகிறதா. இருமலே இல்லாதவரிடம் இவைதான் தடயங்கள். எடையை மாதம் ஒரு முறை, ஒரே எடைக்கருவியில் பாருங்கள்.

ஒரு கோப்பைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கவைத்து வீட்டிலேயே சோதிக்க வேண்டாம். அது பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருந்து செய்யும் சோதனை. மேலே சொன்னவற்றில் இரண்டு மூன்று தென்பட்டால் விழுங்கல் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். மௌனமாக இறங்குவதை உறுதியாகக் காட்டுபவை எக்ஸ்ரே படமாக எடுக்கும் விழுங்கல் சோதனையும் மூக்கு வழியாகச் சிறு கேமரா விட்டுப் பார்ப்பதும்தான்.

அந்த மகளின் நோட்டில் மூன்று நாளும் ஒரே செய்தி இருந்தது. காலைச் சாப்பாடு 50 நிமிடம், மதியம் 35, இரவு 55. இரவில் பாதி தூக்கத்தில் ஊட்டியிருக்கிறார். இரவு எட்டு மணி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பே கொடுத்துவிடுவது அப்போதுதான் தெரிந்தது. தூக்க மாத்திரை அது.

வாயைச் சுத்தம் செய்தல்

இதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இதுதான் கடைசியில் வருகிறது.

தேவையான பொருட்கள் சில. குழந்தைகள் பயன்படுத்தும் அளவு சிறிய தலை கொண்ட மென்மையான பிரஷ் இரண்டு, நுரை குறைந்த ஃபுளோரைடு பேஸ்ட், இரண்டு கோப்பைத் தண்ணீர், காஸ் துணி அல்லது சுத்தமான மெல்லிய துணி, டார்ச், வாய் ஈரத்துக்கான ஜெல், கையுறை. பல்செட்டுக்கு என்று தனி பிரஷ். குச்சியில் ஸ்பஞ்சு வைத்த வாய்த் துடைப்பான் விற்கிறார்கள். நான் அதை வாங்கச் சொல்வதில்லை. படலத்தைச் சுரண்டி எடுக்கும் வலு அதற்கு இல்லை, கடித்தால் ஸ்பஞ்சு கழன்று தொண்டைக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

முதலில் உட்காரும் நிலை. நிமிர்ந்து உட்காரவைத்துத் தாடை சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி பாருங்கள். எழுந்து உட்கார முடியாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்குக் கீழே துண்டு போடுங்கள். மல்லாந்து படுத்தவருக்கு ஒருபோதும் பல் துலக்காதீர்கள். துலக்கும்போது கரைந்து வரும் கிருமி மொத்தமும் நேராகத் தொண்டைக்கு ஓடும், அப்படித் துலக்குவதற்குத் துலக்காமல் விடுவதே மேல்.

பல்செட் இருந்தால் கழற்றுங்கள். மேல் பல்செட் உறிஞ்சலில் ஒட்டியிருக்கும். முன்பற்களைப் பிடித்து இழுத்தால் வராது. பின்பக்க ஓரத்தில் விரலைக் கொடுத்துக் கீழ்நோக்கி நெம்பினால் காற்று புகுந்து கழன்றுவிடும். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள், கன்னத்தில் மிச்சம் இருந்தால் ஈரக் காஸைச் சுற்றிய விரலால் வழித்தெடுங்கள். கடிக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் பற்களுக்கு நடுவே விரல் போகவே கூடாது. கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் மட்டும் விரலை ஓட்டுங்கள்.

காய்ந்த படலத்தை உடனே தேய்த்தால் தோல் உரிந்து ரத்தம் வரும். நாக்கிலும் அண்ணத்திலும் ஜெல்லை மெல்லியதாகத் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். ஊறிய பிறகு தானாகப் பெயரும். ஊறிப் பெயர்ந்த அந்தக் கோழையை உள்ளே விடாமல் துணியால் எடுத்துவிடுவது முக்கியம்.

இனித் துலக்கலாம். பிரஷ்ஷை நனைத்து நன்றாக உதறுங்கள். சொட்டும் நீர்தான் எதிரி. பேஸ்ட் பச்சைப் பட்டாணி அளவுக்கும் குறைவாக, ஒரு தீற்றல் போதும். கீழ் வரிசையின் வெளிப்புறத்திலிருந்து தொடங்கி, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைச் சாய்த்துச் சின்னச் சின்னதாக ஆட்டுங்கள். நான்கைந்து பல்லுக்கு ஒரு முறை பிரஷ்ஷை முதல் கோப்பையில் அலசி, துணியில் ஒற்றி, திரும்பத் தொடருங்கள். உட்புறம் கடைசியில். நாக்கைப் பின்னிருந்து முன்னுக்கு மட்டும், மெதுவாக, நான்கைந்து முறை. ரொம்ப உள்ளே போனால் குமட்டும். சொந்தப் பல் ஒன்றுகூட இல்லாதவருக்கும் ஈறு, அண்ணம், கன்னத்தின் உட்புறம், நாக்கு எல்லாவற்றையும் மென்மையான பிரஷ்ஷால் துலக்க வேண்டும்.

கொப்பளிக்கத் தெரிந்தவர் கொப்பளிக்கட்டும். தெரியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டாவது கோப்பையில் காஸை நனைத்து இறுகப் பிழிந்து, நான்கு மூலையையும் துடைத்தெடுங்கள், ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதிய பக்கம். பேஸ்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தால் பரவாயில்லை, ஃபுளோரைடு பல்லுக்கு நல்லதுதான். ஆனால் துலக்கியதால் உதிர்ந்த அழுக்கு வாயில் நிற்கக் கூடாது. பல பேர் நன்றாகத் துலக்கிவிட்டு இந்தத் துடைப்பை விட்டுவிடுகிறார்கள். கடைசியில் உதட்டுக்கும் நாக்குக்கும் மெல்லியதாக ஜெல்.

மொத்தம் ஏழெட்டு நிமிடம். படலம் ஒரு நாளில் திரும்பக் கட்டிக்கொள்ளும் என்பதால் குறைந்தது இரண்டு வேளை செய்ய வேண்டும். ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவு படுப்பதற்கு முன்பு. தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறையும், விழுங்குவதும் அபூர்வம், அந்த நேரத்தில் வாயில் என்ன இருக்கிறதோ அதுதான் இறங்கும். முடிந்த வீடுகளில் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கன்னத்தை மட்டுமாவது வழித்துவிடச் சொல்வேன்.

பல்செட் இரவில் வாயில் இருக்கவே கூடாது. தோக்கியோவில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்த ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. கழற்றி, சாதாரண சோப்பும் தனி பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, சுத்தமான தண்ணீரில் போட்டு வைக்கவும். பேஸ்ட் வேண்டாம், அது கீறல் விழவைக்கும், கீறலில் கிருமி தங்கும். கொதிநீரும் வேண்டாம், வளைந்துவிடும். கழுவும்போது தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பி வையுங்கள், கை நழுவினால் உடையாது.

கையைத் தட்டிவிடுபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மறதி நோய் உள்ளவருக்கு வாய்க்கு நேரே வரும் கை தாக்க வரும் கை. எதிரில், கண்மட்டத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் உட்காருங்கள். ஒரு பிரஷ்ஷை அவர் கையில் கொடுங்கள், அதைப் பிடித்த கையின் மேல் உங்கள் கையை வைத்து அவர் கையாலேயே வாய்க்குக் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று அசைவுக்குப் பின் பழைய பழக்கம் கைக்கு நினைவு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். பிடியைத் தளர்த்திக் காத்திருந்தால் தானே விடுவார். அன்றைக்கு முடியவில்லையா, அரை மணி கழித்து வாருங்கள். நம் அம்மாவிடம் ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் ஒருபோதும் முடியவில்லை. காலையில் குளித்துத் துவட்டிய பிறகு வாயைத் திறந்தார். மகள் ராத்திரித் துலக்கலை மாலை ஏழு மணிக்கு, அவர் இன்னும் தெளிவாக இருக்கும் நேரத்துக்கு நகர்த்தினார்.

இதனால் எவ்வளவு பயன்? ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் துலக்கிவிட்டு வாரம் ஒரு முறை பல் மருத்துவரும் பார்த்த குழுவில், இரண்டு ஆண்டில் 11 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. வழக்கம்போல் விடப்பட்ட குழுவில் 19 சதவீதம். பல் உள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் பலன் இருந்தது. ஆனால் கனெக்டிகட்டில் 36 இல்லங்களில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, பிரஷ்ஷோடு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவமும் நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவதும் சேர்த்து முயன்றும் பலன் காணாமல் நிறுத்தப்பட்டது. ஆக வாய்ச் சுத்தம் ஆபத்தைக் குறைக்கும், அழிக்காது. தினமும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பதை நான் சொல்வதில்லை, பல் மருத்துவர் ஏதோ காரணத்துக்காக எழுதிக் கொடுத்தாலொழிய. கசப்பான திரவத்தைத் துப்பத் தெரியாதவருக்குக் கொடுப்பது இன்னொரு தொல்லை.

சாப்பாட்டு நேரம்

தூங்கி வழிபவருக்கு ஊட்டாதீர்கள். இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடியும். கண் திறந்து, பெயர் சொன்னால் திரும்பி, கரண்டியைப் பார்த்ததும் வாய் திறப்பவருக்குத்தான் ஊட்டலாம். அந்த அம்மாவின் இரவுச் சாப்பாட்டை எட்டரை மணியிலிருந்து ஆறு மணிக்குக் கொண்டுவந்தோம். தூக்க மாத்திரையை அவருடைய மருத்துவர் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். தூக்கம், பதற்றம், மனநிலை ஆகியவற்றுக்கான பல மாத்திரைகள் விழுங்கலை மந்தமாக்கும், சில எச்சிலை வற்றவைக்கும். அவற்றை நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போய், இவற்றில் எது இன்னும் தேவை என்று கேளுங்கள்.

இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும், பாதம் தரையிலோ பலகையிலோ ஊன்றியிருக்க வேண்டும், தலை நேராக. கட்டிலில்தான் முடியும் என்றால் முதுகை முடிந்த அளவு நிமிர்த்தி, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் சரிந்து வரமாட்டார். நீங்களும் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார். அண்ணாந்த கழுத்தில் மூச்சுக்குழாயின் வாசல் அகலமாகத் திறந்து கிடக்கும். மூக்குள்ள கோப்பையும் குறுகிய வாய் கொண்ட டம்ளரும் இதே தவறைச் செய்யவைக்கின்றன. டம்ளர் கவிழக் கவிழ மூக்கு இடித்து, தலை பின்னால் போகிறது. ஒரு பக்கம் மூக்குக்கு இடம்விட்டு வெட்டிய கோப்பை, அல்லது எப்போதும் முக்கால் நிரம்பியிருக்கும் அகன்ற கோப்பை நல்லது. சிரிஞ்சால் வாயில் பீய்ச்சுவது வேண்டவே வேண்டாம்.

டீ ஸ்பூன், அதுவும் முக்கால் ஸ்பூன். கரண்டியைக் கீழிருந்து கொண்டுவந்து நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடியதும் நேராக வெளியே எடுங்கள். மேல் பல்லில் வழித்துவிட்டு எடுத்தால் தலை அண்ணாந்துவிடும். பிறகு தொண்டையைப் பாருங்கள். குரல்வளை மேடு ஏறி இறங்கினால்தான் விழுங்கியதாகக் கணக்கு. வாய் அசைவது கணக்கில்லை. ஏறி இறங்கிய பிறகு இன்னொரு முறை வெறுமனே விழுங்கச் சொல்லுங்கள். அடுத்த கரண்டி அதற்குப் பிறகு. பக்கவாதத்தால் ஒரு கன்னம் தளர்ந்திருந்தால் பலமான பக்கத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாய்க்கு ஒரு முறை தளர்ந்த கன்னத்தை எட்டிப் பாருங்கள். தாடையைத் தாழ்த்துவது, தலையைத் திருப்புவது போன்ற உத்திகள் ஒருவருக்கு உதவும், இன்னொருவருக்குக் கெடுக்கும். சோதித்துப் பார்த்தவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

அரை மணியில் நிறுத்திவிடுங்கள். களைத்த தொண்டைக்குக் கடைசிப் பத்துக் கரண்டிதான் ஆபத்து. அதற்குப் பதில் சிறுசிறு வேளையாக ஐந்து முறை கொடுக்கலாம். முடிந்தபின் கன்னத்தைச் சுத்தம் செய்து, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். வயிற்றிலிருந்து மேலேறி வருவதும் இதே வழியாகத்தான் உள்ளே போகும். இரவில் தலைப்பக்கம் 30 பாகை அளவாவது உயர்ந்திருக்கட்டும். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், கட்டிலின் தலைப்பக்கத்தையே உயர்த்துங்கள்.

கெட்டியாக்கிய தண்ணீர்

தண்ணீர் வேகமாக ஓடும் என்பதால் தாமதமாக எழும்பும் குரல்வளைக்கு அதுதான் கடினம். எனவே பொடி கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. சோதித்துவிட்டுச் சொன்னால் செய்யுங்கள், அனுமானத்தில் வேண்டாம். மறதி நோய், பார்க்கின்சன் உள்ள 515 பேரிடம் மூன்று மாதம் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், தாடையைத் தாழ்த்தி விழுங்கியவர்களுக்கும் கெட்டியான பானம் குடித்தவர்களுக்கும் நிமோனியாவில் தெளிவான வித்தியாசம் இல்லை. கெட்டியாகக் குடித்தவர்களிடம் நீர்ச்சத்துக் குறைவு கூடுதலாக இருந்தது. சுவை பிடிக்காமல் குறைவாகக் குடிப்பார்கள், வாய் காயும், காய்ந்த வாயில் கிருமி பெருகும். அளவுக்கு மீறிக் கெட்டியானால் தொண்டையில் தேங்கவும் செய்யும்.

எவ்வளவு கெட்டி என்பதைக் கண்ணளவில் விடாதீர்கள். ஐடிடிஎஸ்ஐ என்ற உலகப் பொது அளவுமுறையில் எளிய சோதனை ஒன்று உண்டு. 10 மில்லி சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, முனையை விரலால் மூடி, 10 மில்லி வரை பானத்தை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து நொடி ஓடவிட்டு மூடுங்கள். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது வெறும் தண்ணீர் போன்றது, நிலை 0. ஒன்று முதல் நான்கு வரை மிஞ்சினால் நிலை 1, நான்கு முதல் எட்டு வரை நிலை 2, எட்டுக்கு மேல் மிஞ்சியும் கொஞ்சமாவது ஓடியிருந்தால் நிலை 3. எதுவும் ஓடாவிட்டால் நிலை 4. சிரிஞ்சில் 0 முதல் 10 வரையிலான கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தவறும். அந்த அம்மாவுக்கு நிலை 1 போதும் என்று சோதனையில் தெரிந்தது. வீட்டில் கலந்துகொண்டிருந்ததை அளந்தால் நிலை 3. மாவுச்சத்துப் பொடி வைக்க வைக்கக் கெட்டியாகும், அதே கோப்பைக்குள் எச்சில் பட்ட ஸ்பூனை விட்டால் நீர்த்தும் போகும். பிசின் வகைப் பொடி இப்படி மாறாது.

வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்

தளர்ந்த முதியவருக்குக் காய்ச்சலும் இருமலும் கடைசியில்தான் வரும், சிலருக்கு வரவே வராது. முதலில் தெரிவது இன்றைக்கு ஆள் சரியில்லை என்பதுதான். எழுந்திருக்க மறுப்பார், சாப்பாட்டை ஒதுக்குவார், குழப்பம் கூடும், விழுவார். அன்று மூச்சை எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போது மார்பு எழும்புவதைப் பார்த்து, முழு ஒரு நிமிடம், அவருக்குத் தெரியாமல். நல்ல நாட்களில் அவருக்கு எத்தனை என்று முன்பே குறித்து வைத்திருந்தால்தான் இது பயன்படும். வழக்கமாக 18 இருப்பவருக்கு 25ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ, மூச்சு 30ஐத் தொட்டாலோ காத்திருக்க வேண்டாம், அவசர உதவி.

நம் அம்மாவுக்கு ஏழு மாதம் எதுவும் வரவில்லை. எடை 43 கிலோ ஆனது. எட்டாவது மாதத்தில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளினார். மகள் எண்ணிப் பார்த்தார், 28. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மதியத்துக்குள் மருத்துவர் பார்த்தார், வலது நுரையீரலின் அடியில் தொற்று. இந்த முறை ஐந்து நாளில் வீடு திரும்பினார். முந்தைய இரண்டு முறையும் பதினைந்து நாளுக்குக் குறையவில்லை.

மருத்துவமனையில் மூக்குக் குழாய் போடலாமா என்று கேட்டார்களாம். மகள் என்னைக் கூப்பிட்டார். பக்கவாதம் வந்த புதிதில், விழுங்கல் திரும்பும் என்ற நம்பிக்கை இருக்கும்போது குழாய் கைகொடுக்கும். முற்றிய மறதி நோயில் அது நிமோனியாவைத் தடுப்பதில்லை. எச்சில் எப்போதும்போல் இறங்கும், வயிற்றில் இருப்பது எதிர்த்தும் வரும், குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டுவார்கள். வாய் வழியாகச் சாப்பிடாதவருக்கு எச்சில் ஓட்டமும் குறைந்து வாய் இன்னும் மோசமாகும், குழாய் போட்டவர் வாயைத்தான் இரண்டு மடங்கு கவனமாகத் துலக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னேன், முடிவை அவரும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அம்மாவுக்குச் சாப்பிடறதுதான் பாக்கி இருக்கிற சந்தோஷம்,” என்றார் பிறகு. “அதை எடுக்க மாட்டேன். வார்டில யாரும் பல்செட்டைக் கழற்றல. நான் போய்க் கழற்றிட்டு வந்துடறேன்.”